குழிக்குள் ஒருத்தி, மேலே ஒருத்தி

மாலை ஆறு மணிக்குச் செய்தி வந்தது. தெரு நலச்சங்கம் இந்த ஆண்டு விருதைக் குழாயக்காவுக்குக் கொடுக்கிறதாம். பதினெட்டு வருடமாக என் தோழி. தெரு முழுக்கக் குழாய் வேலை பார்ப்பவள். வாழ்த்துரை நான் படிக்க வேண்டும் என்று சங்கச் செயலாளர் ஒரு தாளோடு வந்தார். எல்லாம் அவரே எழுதியிருந்தார்: ‘தன்னந்தனியாகத் தெருவையே காப்பாற்றிய தியாகச் சுடர்.’

அவர் போனதும் குழாயக்காவும் அவள் நாத்தனாரும் வந்தார்கள். இருவரும் சேர்ந்துதான் வேலைக்குப் போவார்கள். நாத்தனார் தாளைப் படித்தாள்.

“தன்னந்தனியாவா? அப்ப நான் என்ன, ஸ்பேனரா?” என்றவள், அண்ணி பக்கம் திரும்பாமலே சொன்னாள். “நாளையிலருந்து சுடர் தனியாவே வேலைக்குப் போகட்டும்.”

அவள் படியிறங்கிப் போய்விட்டாள். குழாயக்கா என்னைப் பார்த்தாள். “இதைப் படிச்சேன்னா நான் மேடைக்கு வரமாட்டேன். அவ இல்லாம எனக்கு வேலையும் இல்ல, வீடும் இல்ல.”

என் கணவர் போன மாதம் இறந்தபோது ஆளாளுக்கு அவரைத் தெய்வம் என்றார்கள். அந்தத் தெய்வத்தை எனக்கு அடையாளமே தெரியவில்லை. குழாயக்கா மட்டும், “வேலைக்கு வந்தா அண்ணன் முதல்ல உக்காரச் சொல்வாரு” என்றாள். அதுதான் அவர். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

எனவே நானே எழுதினேன். செய்ததை மட்டும் சொல்வது, யாரோடும் ஒப்பிடாமல் விடுவது, என் மகிழ்ச்சியை ஒரே ஒரு முறை சொல்வது என்று வைத்துக்கொண்டேன். நாத்தனார் வீட்டுக்குப் போய்ப் படித்தும் காட்டினேன். “சரி” என்று மட்டும் சொன்னாள். ஆனால் விழாவுக்கு வந்தாள்.

மேடையில் செயலாளர் என் தாளை எட்டிப் பார்த்தார். “இவ்வளவுதானா? பஸ் டிக்கெட்ல கூட இதைவிட எழுத்து ஜாஸ்தி இருக்கும்மா. நான் கொடுத்ததையே படிங்க.”

“அது நடக்கல சார். நடந்ததைத்தான் படிப்பேன்.”

அவர் மைக்கை எடுத்துக்கொண்டார். நான் மைக் இல்லாமலே சத்தமாகப் படித்தேன்.

“மழையில் பெரிய குழாய் வெடித்தபோது நம் குழாயக்கா குழிக்குள் இறங்கி, உடைந்த துண்டை அறுத்தெடுத்துப் புதியதைப் பொருத்தினார். தேய்ந்துபோன வால்வு திறந்துகொள்ளாமல் அவர் நாத்தனார் மேலே ஸ்பேனரால் இறுக்கிப் பிடித்து நின்றார். மறுநாள் காலை நம் வீடுகளில் தண்ணீர் வந்தது. இந்த விருது என் தோழிக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.”

கைதட்டல் பெரிதாக ஒன்றும் இல்லை. குழாயக்கா மேடையேறினாள், நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டு. “விடு அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் அவள். கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்ட வாழ்த்துரையின் நகல் ஒன்று வேண்டுமாம். செயலாளர் தன் தாளையே ஒட்டிவிடுவதற்குள் நான் படித்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வரியைத்தான் எழுதியிருக்கிறேன்.