சுருட்டி வைத்த பாய்கள்

பெருமாள்சாமியின் போன் வந்தபோது ஷைனி விடுதிக் கூடத்தில் நின்று, மூலையில் அடுக்கியிருந்த பாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க வார்டனம்மா, நாளைக்குக் காலையில வர்றேனுங்க. புள்ளைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"லீவு போட்டா?"

"இல்லீங்க. படிச்ச வரைக்கும் போதும். மூச்சு முக்கியமில்லீங்களா?"

ஷைனி போனை வைத்தாள். ஜீவிதா பிளஸ் டூ படிக்கிற பெண். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருக்கும் பெருமாள்சாமியின் இளைய மகள். மூத்தவளையும் இப்படித்தான் காய்ச்சல் என்று பாதிப் படிப்பில் கூட்டிப்போனார்கள். அடுத்து வந்தது அவளுடைய கல்யாணப் பத்திரிகை. ஜீவிதாவும் ஒருமுறை இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வரமாட்டாள்.

திண்டுக்கல்லில் ஷைனியின் விடுதியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் பாராட்டுவது அந்தப் பாய் அடுக்கைத்தான். காலை மணி அடித்ததும் பெண்கள் எழுந்த கையோடு பாயை இறுகச் சுருட்டி, கயிறு கட்டி, சுவரோரம் நிறுத்திவிட வேண்டும். படுத்து எழுந்த பாய் விரிந்தபடி கிடந்தால் அந்த இடம் விளங்காது என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். அதையே ஷைனி விடுதிக்கும் சட்டமாக்கினாள். எழுந்த ஐந்து நிமிடத்தில் கூடம் படிப்பறை ஆகிவிடும். ஒரு பாயின் விளிம்புகூடப் பிசிறிக்கொண்டு நிற்காது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் சாரலுக்குப் பயந்து ஜன்னல்களை அடைத்தார்கள். சுவர் வியர்த்தது. சிமெண்டுத் தரை காலில் ஒட்டியது. ஜீவிதாவுக்கு விடியற்காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் மருந்தும் உறிஞ்சுகிற பம்பும் கொடுத்த டாக்டர், "படுக்கிற இடத்துல பூஞ்சை இருக்கான்னு பாருங்கம்மா" என்றார். வந்து ஜீவிதாவின் கோரைப்பாயை விரித்தாள் ஷைனி. உட்பக்கம் முழுக்கச் சாம்பலும் பச்சையுமாய்ப் புள்ளிகள். ஈரத்தைக் குடிக்கிற புல்தானே, கோரைதான் குற்றவாளி என்று அவள் தீர்த்துவிட்டாள்.

பாய்க்கடையில் மூங்கில் பாய் ஒன்று வாங்கி வந்தாள். வழுவழுவென்று இருந்தது. வேர்வை உள்ளே இறங்கவில்லை, துணியால் துடைத்தால் போயிற்று. புழுக்கமான ராத்திரிக்கு அதுபோலக் குளுகுளுப்பு வேறெதிலும் இல்லை. ஆனால் மழை வலுத்த அன்று ஜீவிதா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"மிஸ், எலும்புல குத்துது. புரண்டா முடியப் பிடிச்சு இழுக்குது. விடியக்காலையில பனிக்கட்டி மேல கிடக்கிற மாதிரி இருக்கு."

கொஞ்ச நாளில் மூங்கில் பட்டைகளின் இடுக்கிலும், ஓரத்தில் தைத்த துணியிலும் வெள்ளைப் பொடி பூத்தது. துடைக்கத் துடைக்க வந்தது.

செம்பட்டியில் கயிற்று ஆலையில் வேலை பார்க்கும் அண்ணன் ஜெரோமைக் கேட்டாள். அவன் வண்டியில் தென்னை நார்ப்பாய் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான்.

"இது லேசுல அழுகாது ஷைனி. மெத்துன்னும் இருக்கும்."

"பூஞ்சை?"

"நாரு தாங்கும். ஆனா தடிமன் பாரு, உள்ள ஈரத்தப் பிடிச்சிருச்சுன்னா காய அம்புட்டு நாளாகும். நனைக்காம வச்சுக்க."

நார்ப்பாய் தரையின் சில்லிப்பைத் தடுத்தது. அதே மாதிரி உடம்புச் சூட்டையும் வெளியே விடவில்லை. மேலே போர்வை விரித்தும் முதுகு அரித்தது. உதறினால் தூசு பறந்தது. "கரடி மேல படுத்த மாதிரி இருக்கு மிஸ்" என்று சிரித்த ஜீவிதா, சிரிப்போடு சேர்த்து இருமினாள். அன்று காலை இழுப்பு இன்னும் கூடியது. அப்பாவுக்குப் போன் செய்துவிட்டாள்.

அதனால்தான் அவர் நாளைக்கு வருகிறார்.

இனி கோரை ஒன்றுகூட இந்தக் கூடத்தில் இருக்கக் கூடாது என்ற ஆத்திரத்தில் ஷைனி ஒவ்வொரு பாயாகப் பிரித்தாள். வெளிச்சுற்று சுத்தமாக இருந்தது. உள்ளே போகப் போகக் கறை. நடுச்சுருளில் மக்கிய நாற்றம். முக்கால்வாசி அப்படியே; அடுக்கின் வெளிவரிசையில் நின்ற சில மட்டும் தப்பியிருந்தன. அடுக்கில் ஒன்று குறைந்தது.

"சுகன்யா பாய் எங்க?"

சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி மாடியைப் பார்த்தாள்.

மாடி வராந்தாவில், சாரல் படாத பக்கம், கம்பிமேல் சுகன்யாவின் பாய் திரைபோலத் தொங்கியது. அதன் பின்னால் அவளுடைய உள்துணிகள் காய்ந்தன.

"என்னடி இது?" என்று பின்னால் ஓடிவந்த சுகன்யாவிடம் கேட்டாள்.

"தெருவுல போறவங்க பார்ப்பாங்கல்ல மிஸ்... தினமும் போட்டுட்டு, நீங்க மேல வர்றதுக்குள்ள எடுத்துருவேன்."

"எம்புட்டு நாளா?"

"மழை ஆரம்பிச்சதுல இருந்து."

திட்டுவதற்காகப் பாயை உருவிய ஷைனி, அதைப் பிரித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். காய்ந்த புல்லின் வாசனை மட்டும் வந்தது. அதே கடையில், மற்றவற்றோடு ஒரே கட்டாக வாங்கிய கோரைதான். ஒரு புள்ளி இல்லை.

ராத்திரி முழுக்க உடம்பு வேர்வையையும் தரை ஈரத்தையும் வாங்கிய பாய். சூடு ஆறுவதற்குள் அதை இறுகச் சுருட்டிக் கட்டச் சொன்னது யார்? மூங்கிலையும் அப்படியே கட்டினாள். நாரையும் அப்படியே. தான் மட்டும் கட்டிலில் படுத்தாள்.

அன்று சாயங்காலமே பூஞ்சை ஏறிய பாய்களை வெளியே எடுத்துப் போட்டாள். ஜீவிதாவை மாடி அறைக்கு மாற்றினாள். காற்று வர ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து, சுகன்யாவின் பாயை விரித்தாள்.

"அப்ப நான் எங்க மிஸ் படுக்க?" என்றாள் சுகன்யா.

"என் கட்டில்ல படு."

"நீங்க?"

"மூங்கில் பாய்ல. பொடியத் துடைச்சாச்சு. இடுப்பு வலிக்குதான்னு நானும் பார்க்கணும்ல."

மறுநாள் பெருமாள்சாமி வந்ததும் உட்காரவில்லை. மகளின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். ஜீவிதா ஷைனியையே பார்த்தாள். அவள் பை கட்டித் தயாராக இருந்தது.

"லேசா விசிலு இருக்குதுங்களே."

"இருக்கு. ஒரே நாள்ல போகாது. ஆனா இன்னைக்கு விடியக்காலையில பம்பு வைக்கல" என்றாள் ஷைனி. "தப்பு பாய்மேல இல்லைங்க. ஈரத்தோட சுருட்டச் சொன்னது நான்."

"அப்ப இத்தனை நாளா எம்புள்ள இழுத்தது உங்களாலயா?"

"ஆமாங்க."

பெருமாள்சாமி விறுவிறுவென்று கூடத்துக்குள் நடந்தார். மிஞ்சிய நல்ல பாய்கள் பெஞ்சுகள்மேலும் மாடிப்படிக் கைப்பிடியிலும் தொங்கின. நடக்க வழியில்லை. சந்தைக்கடை மாதிரி இருந்தது. ஒரு பாயை எடுத்து முகர்ந்தார். இன்னொன்றைப் புரட்டினார்.

"வெயில் வந்தா முற்றத்துல போட்டு வச்சிருங்க."

"கொஞ்ச நேரந்தாங்க. நாள் பூரா வெயில்ல கிடந்தா கோரை முறிஞ்சிரும். நிழல்ல காத்தாடினாலே போதும். தூசு போக நார்ப்பாயத் தட்டி, சில்லிப்புக்கு அத அடியில போட்டு, மேல கோரை போடலாம்னு அண்ணன் சொல்றான். ஜீவிதாவுக்கு நார் வேண்டாம். மூங்கில சித்திரைக்கு வச்சுக்கிறோம்."

அவர் மகளிடம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. மூச்சு எப்படி இருக்குது?"

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலப்பா." அப்பாவின் கையைப் பிடித்தாள். "நான் பரீட்சை எழுதணும்."

பெருமாள்சாமி கையிலிருந்த பாயைப் பழைய இடத்திலேயே தொங்கவிட்டார்.

"சந்தைக்கு வாரப்போவெல்லாம் வருவேனுங்க. சொல்லிட்டு வரமாட்டேன். வந்து பாயைப் புரட்டிப் பார்ப்பேன். ஒரு புள்ளி கிடந்தாலும் கூட்டிட்டுப் போயிருவேன்."

"புரட்டிப் பாருங்க" என்றாள் ஷைனி.

ஜீவிதா அப்பாவின் முகத்தை இன்னொரு தடவை பார்த்தாள். அவர் வேண்டாமென்று சொல்வதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.