மாலை போட்ட ஃபிரேம்

வேல்விழிக்குப் படம் ஒட்டுவதுதான் வேலை. ஒட்டுவது சுவரில் இல்லை, பின்ட்ரஸ்ட் என்கிற இணையதளத்தில்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ராஜாங்கத்தின் பட்டறை இருக்கிறது. அகல், தொங்கும் விளக்கு, பூத்தொட்டி, போட்டோ ஃபிரேம் என்று வீட்டு அலங்காரச் சாமான்கள் செய்கிறார்கள். வேல்விழி பி.காம். முடித்துவிட்டு அங்கே பில் போட வந்தவள். இணையத்தில் கடை போட்டதும் ராஜாங்கம் அவளிடம் செல்போனைத் தள்ளினார். "வூடு கட்டுறவங்க எல்லாம் இதுலதான் படம் தேடுறாங்களாம். நம்ம சரக்கும் அதுல தெரியணும் பாப்பா."

தானாகவே கற்றுக்கொண்டாள். படம் நெட்டுவாக்கில் இருக்க வேண்டும். 'பூஜை அறை', 'வரவேற்பறைச் சுவர்', 'கார்த்திகை விளக்கு' என்று தனித்தனி போர்டு. ஒட்டுகிற படத்துக்குப் பேர் பின். ஒவ்வொரு பின்னிலும் தலைப்பு, விவரம், தொட்டால் கடைப் பக்கத்துக்குப் போகிற லிங்க். கார்த்திகைக்கு வேண்டியதை ஆடி முடியும்போதே போட்டுவிட வேண்டும், ஜனங்கள் அவ்வளவு முன்னாலேயே தேட ஆரம்பிக்கிறார்கள். 'விருத்தாசலம் செராமிக்' என்பதை எல்லா விவரத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ப்பாள். ஊர்ப் பேரைப் போட்டுத் தேடுகிறவர்கள் நேராக இங்கே வந்து விழட்டும் என்று.

போட்டோ ஃபிரேம்தான் போகவில்லை. காலி ஃபிரேமை யார் பார்ப்பார்கள்? உள்ளே ஒரு முகம் வேண்டும்.

"என் மூஞ்சி ஆவுமா?" என்றார் சாமிக்கண்ணு.

பளபளப்புக்குப் பூசுகிற கிளேஸ் தொட்டியில் சரக்கை முக்கி எடுக்கிறவர். அறுபதைத் தாண்டியவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகன் அறிவழகன் குவைத்தில். அவன் வாசுகியை இஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்ட நாளில் இவர் தெருவில் நின்று கத்தியது பேட்டைக்கே தெரியும். "நான் செத்தாக்கூட வராதடா." அதற்குப் பிறகு போன்கூடக் கிடையாது.

"ஆவும் பெரியப்பா. ஆனா ஷேவ் பண்ணிக்கிட்டு வாங்க."

"இது குவைத்துலயும் தெரியுமா?"

"ஒலகம் பூராத் தெரியும்."

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பவுடர் கழுத்து வரை வழிந்திருந்தது. அச்சில் களிமண் குழம்பு ஊற்றுகிற திரௌபதி விடவில்லை. "என்னா மாமா, பொண்ணு பாக்கவா?"

"ஆமாண்டி, நீ வரியா?"

படத்தை எடுத்து, பிரிண்ட் போட்டு, ஃபிரேமில் வைத்து வேல்விழி பின் செய்தாள். சாமிக்கண்ணு பார்த்துத் தலையாட்டினார். அன்றிலிருந்து டீ நேரத்தில் ஒரே கேள்விதான்.

"பாத்தானா?"

"எத்தன பேரு பாத்தாங்கன்னுதான் காட்டும் பெரியப்பா. யாரு பாத்தாங்கன்னு காட்டாது."

"அப்ப பாத்தும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

ஆனால் அந்தப் பின் ஓடவில்லை. ஒரே சாமானுக்கு வேறு வேறு விதமாய்ப் படம் எடுத்துப் போட்டால் ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும் என்பது அவள் அனுபவம். கார்த்திகைக்கு நாள் நெருங்கியது, ராஜாங்கம் அவசரப்படுத்தினார். மூன்று சரக்கை ஒரே படத்தில் காட்டினால் என்ன? ஃபிரேமைச் சுவரில் மாட்டினாள். பட்டறையில் புதிதாய்ச் செய்திருந்த செராமிக் மல்லிகைச் சரத்தை அதன்மேல் வளைத்துத் தொங்கவிட்டாள். கீழே ஓர் அகலை ஏற்றி வைத்தாள். வெளிச்சம் அழகாக விழுந்தது. வெள்ளைச் சரம், பழுப்பு ஃபிரேம், மஞ்சள் சுடர். அவள் நிறத்தைப் பார்த்தாள், சரக்கைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. சாமிக்கண்ணுவிடம் காட்டவும் இல்லை, அன்றைக்கு அவர் லீவு.

அந்தப் பின் பிடித்துக்கொண்டது. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் தங்கள் போர்டுகளில் சேவ் செய்தார்கள். கடைப் பக்கத்துக்கு ஆட்கள் வந்தார்கள். சரத்துக்கு மறு அச்சு போட வேண்டியிருந்தது.

பொங்கல் முடிந்து ஒரு மத்தியானம் பேட்டை வாசல் டீக்கடையில் சாமிக்கண்ணுவும் வேல்விழியும் நின்றிருந்தார்கள். பைக்கில் வந்த ஒருவன் பிரேக் போட்டு அப்படியே நின்றான். மங்கலம்பேட்டை பஷீர், அறிவழகனோடு குவைத்தில் ஒரே கம்பெனி, லீவில் வந்திருக்கிறான்.

"அப்பா... நீங்க..."

"என்னாடா பேயக் கண்ட மாதிரி?"

பஷீர் வண்டியை ஸ்டாண்டு போடக்கூட மறந்தான். அறிவழகன் அப்பாவுக்காக மொட்டை போட்டுக்கொண்டதைச் சொன்னான். வாசுகி புது வீட்டுச் சுவருக்காகப் படம் தேடியிருக்கிறாள். ஊர் ஆசையில் விருத்தாசலம் என்று போட்டுத் தேடியிருக்கிறாள். மாமனார் முகம், மாலை, விளக்கு. காலமெல்லாம் உழைத்த பட்டறையில் படம் மாட்டி அஞ்சலி செய்திருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார்கள். படத்தைத் தொட்டிருந்தால் விலையோடு கடைப் பக்கம் திறந்திருக்கும். யார் தொடுவார்கள்?

இப்போதுதான் அந்தப் படம் வேல்விழிக்குத் தெரிந்தது, சின்னக் குழந்தைக்கும் உடனே தெரிந்திருக்க வேண்டியது.

சாமிக்கண்ணுவின் முகம் முதலில் மலர்ந்தது. அதுதான் கொடுமை.

"பாத்திருக்கான்!" என்றார். "அழுதானாடா?"

"அழுதாம்பா. ரெண்டு நாளு சாப்புடல."

பஷீரே நம்பரைப் போட்டான். அந்தப் பக்கம் விஷயம் புரிவதற்கே நேரமானது. பிறகு ஸ்பீக்கரில் விசும்பல், "அப்பா, அப்பா" என்று.

சாமிக்கண்ணு போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். சிரித்துக்கொண்டுதான் இருந்தார். மெல்ல எதையோ யோசித்தார். சிரிப்பு நின்றது.

"எப்ப பாத்த?"

"கார்த்திகைக்கு முன்னாலப்பா."

"இப்ப தை. செத்தேன்னு தெரிஞ்சும் ஏன்டா வரல?"

அந்தப் பக்கம் விசும்பலும் நின்றது.

"நீங்கதானப்பா வராதன்னு சொன்னீங்க."

சாமிக்கண்ணு போனைப் பஷீரிடம் கொடுத்துவிட்டார். "அவன் நல்லாருக்கட்டும். வையி." பிறகு யார் கூப்பிட்டும் அவர் பேசவில்லை. அடுத்த மாசம் வரேன் என்று அறிவழகன் சொன்னதாகப் பஷீர் வந்து சொன்னான். "உசுரோட இருக்கறவனப் பாக்க எதுக்கு?" என்றார்.

வேல்விழி அன்றே அந்தப் பின்னை அழித்தாள். ராஜாங்கம் தலையில் கை வைத்தார். "ஓடுற பின்னு, வேற மூஞ்சி வெச்சு எடுக்கலாம்ல?" அவள் நேராகச் சாமிக்கண்ணுவிடம் போய் நின்றாள்.

"அழிச்சிட்டேன் பெரியப்பா. ஆனா மத்தவங்க சேவ் பண்ணி வெச்சது அவங்க போர்டுல அப்பிடியே கெடக்கும். அத என்னால அழிக்க முடியாது."

அவர் ஃபிரேமைக் கிளேஸில் முக்கி, சொட்ட விட்டு, பலகையில் வைத்தார்.

"என்னைய மன்னிச்சிடுங்க."

"நீ என்னா பண்ணுன? சொன்னது நானு."

மாசி போனது, பங்குனி போனது. அறிவழகன் வரவில்லை. டீ நேரத்தில் சாமிக்கண்ணு எதுவும் கேட்பதில்லை.

அடுத்த ஆடி கடைசியில் கார்த்திகை போர்டுக்காக வேல்விழி 'ஃபிரேம்' என்று தேடினாள். திரையில் மேலேயே சாமிக்கண்ணு நின்றார், யாரோ முன்பின் தெரியாத ஒருத்தியின் போர்டிலிருந்து. வெள்ளைச் சட்டை, கழுத்தில் பவுடர், மாலை. சட்டென்று போனைக் கவிழ்த்தாள். பக்கத்தில் நின்றிருந்த சாமிக்கண்ணு அதற்குள் பார்த்துவிட்டார்.

"இந்த வருசம் ஃபிரேமுல என்னா படம் வெக்கப் போற?"

"சீனரி ஏதாவது..."

"என் மூஞ்சியவே வையி," என்றார் அவர். "மாலையும் போடு. விக்குதுல்ல."

கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஃபிரேமை எடுத்தார்.