கழுத்துக்குள் ஒரு வெள்ளை நூல்

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் தொலைபேசி வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பெண்ணின் குரல் தெரியும். அன்றைக்கு நாமாக எண்ணைச் சுழற்றிப் பேச முடியாது. ரிசீவரை எடுத்தால் எக்சேஞ்சில் இருக்கும் ஆபரேட்டர் பேசுவார், நாம் கேட்கும் இடத்துக்கு இணைப்புக் கொடுப்பார். எங்கள் ஆஸ்பத்திரிக்கு மருந்து வேண்டி மதுரைக்குப் பேசும்போதெல்லாம் நான் கேட்டது பெரும்பாலும் அவர் குரலைத்தான். தெளிவான, அவசரப்படாத குரல். அதற்கு உரியவர் ஒருநாள் புறநோயாளிகள் வரிசையில் என் முன்னால் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்ததும் எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. கூடவே கழுத்தின் வலப்பக்கத்தில் எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிதாகப் புடைத்திருந்த கழலையும் கண்ணில் பட்டது.

நான் அறுவைச் சிகிச்சையில் மேல்படிப்பு முடித்து அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. பெண் சர்ஜன் என்பது அன்றைய திண்டுக்கல்லுக்குப் புதிது. பிரசவம் பார்க்கத்தான் வந்திருக்கிறேன் என்று பாதிப் பேர் நினைத்தார்கள்.

"எச்சிலை முழுங்குங்க" என்றேன். விழுங்கினார். கட்டி மேலேறி இறங்கியது. தைராய்டு மூச்சுக்குழலோடு சேர்ந்து ஒட்டியிருப்பதால், விழுங்கும்போது அதுவும் கூடவே எழும்பும். கழுத்தில் வரும் வேறு கட்டிகள் பெரும்பாலும் அப்படி அசையாது.

"எம்புட்டு நாளா இருக்கு?"

"ரெண்டு மூணு வருஷம் இருக்கும் டாக்டரம்மா. இப்பத்தான் மல்லாக்கப் படுத்தா மூச்சு முட்டுது. பேசுற கருவியை மார்ல மாட்டிக்கிட்டு குனிஞ்சா அதுவும் அழுத்துது."

"இவ்வளவு நாள் ஏன் வரல?"

பதில் அவர் கணவரிடமிருந்து வந்தது. புகையிலைக் கிடங்கில் வேலை செய்பவர், மனைவிக்குப் பின்னால் நின்றிருந்தார். "எங்க சொந்தக்காரப் பொம்பள ஒண்ணு வேற ஊர்ல இதே கட்டிய எடுத்துச்சுங்க. அதுக்கப்புறம் அதுக்குப் பேச்சே இல்ல. காத்துதான் வருது. இவ பயந்துக்கிட்டா."

அந்தப் பெண் என்னை நேராகப் பார்த்தார். "எனக்கும் பேச்சு போயிருமா?"

போகாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. என் கழுத்திலேயே விரலை வைத்துக் காட்டினேன். மூச்சுக்குழலின் இரண்டு பக்கமும் இரண்டு மடல்கள், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு சிறு பட்டை, அதுதான் தைராய்டு. அதற்கு ரத்தம் நிறைய வேண்டும். ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து ஒரு தமனி மடலின் உச்சிக்கு வருகிறது. கீழ்த் தமனி கழுத்தின் பெரிய ரத்தக்குழாய்க்குப் பின்புறமாக வளைந்து வந்து மடலின் முதுகுப்பக்கத்தில் நுழைகிறது. அந்தக் கீழ்த் தமனி நுழைகிற இடத்தில்தான் குரலுக்கான நரம்பும் போகிறது.

"அந்த நரம்பு கொஞ்சம் வேடிக்கையானது. தலையிலிருந்து இறங்குது. ஆனா நேரா தொண்டைக்கு வராது. வலப்பக்கத்து நரம்பு கழுத்தின் அடிவரைக்கும் போய், கைக்குப் போற பெரிய ரத்தக்குழாயைச் சுத்திக்கிட்டுத் திரும்ப மேல வருது. இடது நரம்பு நெஞ்சுக்குள்ள போயிட்டுத் திரும்புது."

அவர் முகம் சட்டென்று தெளிந்தது. "பழனிக்கு லைன் கெடைக்கலேன்னா மதுரை வழியாச் சுத்திக் குடுப்போமே, அப்படியா?"

"அப்படியேதான்."

"அப்ப அந்த லைனு அறுந்தாத்தான் பேச்சு போவும்."

"ஆமா. ஒரு பக்கம் அறுந்தா குரல் கரகரன்னு காத்தா போயிரும். ரெண்டு பக்கமும் போனா மூச்சுக்கே ஆபத்து. உங்களுக்கு ஒரு பக்கந்தான் கட்டி. நான் ஒரு பக்கந்தான் தொடுவேன்."

அவர் கணவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "உண்மையச் சொல்றீங்க. வாரேன்" என்றார்.

எனக்கும் எங்கள் பெரிய டாக்டருக்கும் வாக்குவாதம் அதற்குப் பிறகுதான். ஆயிரக்கணக்கில் அறுவை செய்த கை அவருடையது, நிதானமான மனிதர். அவர் படித்த முறை வேறு. நரம்பின் பக்கமே போகாதே, மடலின் பின்புறம் ஒரு சீவலை மட்டும் விட்டுவிட்டு மீதியை எடு, அந்தச் சீவலுக்குப் பின்னால் நரம்பு பத்திரமாக இருக்கும் என்பார்.

"தேடப் போனா தொடுவீங்க. தொட்டா அடிபடும்" என்றார்.

"சார், எக்ஸ்ரேயில மூச்சுக்குழலே இடப்பக்கம் தள்ளிப் போயிருக்கு. கட்டி இம்புட்டுப் பெருசா இருக்கும்போது நரம்பு அதோட இடத்துல இருக்கும்னு எப்படி நம்புறது? எங்க இருக்குன்னு பார்த்துட்டா அதை விட்டு விலகி வெட்டலாமே."

பெரிய டாக்டர் எக்ஸ்ரேயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சரி. மயக்கம் குடுக்க வேண்டாம். கழுத்து மரத்துப் போகிற ஊசி மட்டும் போடுவோம். அந்தப் பெண் பேசிக்கிட்டே இருக்கட்டும். குரல் மாறினா அங்கேயே நிறுத்தணும். நான் உதவிக்கு நிக்கிறேன்."

அறுவைக்கு முந்தைய நாள் சிறு கண்ணாடி ஒன்றை, ஆவி படியாமலிருக்க, ஸ்பிரிட் விளக்கில் காட்டிச் சூடாக்கி, அவர் தொண்டைக்குள் வைத்துப் பார்த்தேன். குரல் நாண்கள் இரண்டும் வெள்ளையாக, சமமாக அசைந்தன. நரம்புகள் நன்றாகத்தான் இருந்தன.

அறுவை அன்று காலை அவரை மேசையில் படுக்க வைத்துத் தோளுக்கு அடியில் தலையணை கொடுத்தோம். என்ன பேசுவது என்று கேட்டார். நீங்கள் லைன் கொடுக்கும் ஊர்ப் பெயர்களைச் சொல்லுங்கள் என்றேன். முகத்துக்கும் கழுத்துக்கும் நடுவே கட்டிய திரைக்கு மறுபக்கத்திலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. "கொடைரோடு. வத்தலக்குண்டு. நத்தம். ஒட்டன்சத்திரம். பழனி..." முடிந்ததும் முதலிலிருந்து.

மேல் தமனியை மடலின் உச்சியை ஒட்டியே கட்டினேன். அதற்குச் சற்று மேலே தள்ளிப் பிடித்தால், குரலை உச்சத்துக்கு ஏற்றும் வேறொரு மெல்லிய நரம்பு மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டுச் சிரையையும் கட்டி அறுத்தபின் மடல் தளர்ந்தது. பெரிய டாக்டர் அதை விரலால் மெல்ல நடுப்பக்கம் சாய்த்துப் பிடித்தார். கீழ்த் தமனி துடிப்பது தெரிந்தது. அதற்குப் பின்னால், மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தில் நரம்பைத் தேடினேன்.

இல்லை.

இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொன்னேன். சாய்த்தார். "கொடைரோடு. வத்தல..." என்ற குரல் அந்த இடத்தில் உடைந்தது. அடுத்த ஊர் வெறும் காற்றாக வந்தது.

"விடுங்க சார்!" என்றேன். அவர் அதற்கு முன்பே கையை எடுத்திருந்தார்.

நரம்பு இருக்கும் பக்கத்தில் நான் இன்னும் எதையும் வெட்டியிருக்கவில்லை. அது மட்டும் நிச்சயம். ஆனால் ஊசி மருந்து பரவி நரம்பை மரக்கச் செய்திருக்கலாம், அல்லது இழுத்ததில் அடிபட்டிருக்கலாம். எது என்று சொல்ல வழியில்லை. ஈரத் துணியைக் காயத்தின் மேல் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். திரைக்கு அந்தப் பக்கம் அவர் விடவில்லை. சத்தமே இல்லாமல் ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். நர்ஸ் அவர் கையைப் பிடித்திருந்தாள்.

"செத்த நேரம் பொறுங்கம்மா" என்றார் பெரிய டாக்டர். அவர் நெற்றியில் வியர்வை.

முதலில் கரகரப்பாக ஒரு 'நத்தம்' வந்தது. பிறகு 'ஒட்டன்சத்திரம்'. 'பழனி' வந்தபோது அது பழைய குரல். நான் முகமூடிக்குள் மூச்சு விட்டேன்.

இழுத்தால் போகிறது, விட்டால் வருகிறது. அப்படியென்றால் நரம்பு பள்ளத்தில் இல்லை, கட்டியோடு சேர்ந்து நகர்கிறது. இந்த முறை மடலை இழுக்காமல், தமனியின் முன்பக்கத்தை கத்தரி நுனியால் நூல் நூலாகப் பிரித்தேன். அங்கே இருந்தது. தமனிக்கு முன்னால் குறுக்காக ஓடி, கட்டியின் முதுகில் தட்டையாகப் படிந்து, வெள்ளையாக, ஒரு தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிப்பாக. சிலருக்கு அது தமனிக்குப் பின்னால் போகும், சிலருக்குக் கிளைகளுக்கு இடையில், சிலருக்கு முன்னால். இவருக்கு முன்னால். மடலை ஒட்டித் தமனியைப் பிடித்துக் கட்டியிருந்தால் அதையும் சேர்த்துக் கட்டியிருப்பேன்.

பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். "முன்னாலயா..." என்றார்.

தமனியை மடலிலிருந்து வெகுவாகத் தள்ளி, பெரிய ரத்தக்குழாய்ப் பக்கமாகக் கட்டினேன். நரம்பைக் கட்டியின் முதுகிலிருந்து விடுவித்து, அது குரல்வளைக்குள் நுழையும் இடம்வரை கண்ணால் தொடர்ந்தேன். அந்த இடத்தில் தைராய்டு மூச்சுக்குழலோடு கெட்டியாக ஒட்டியிருக்கும், நரம்பும் அங்கேதான் மிக நெருங்கியிருக்கும். அங்கே மட்டும் பெரிய டாக்டர் சொன்னபடி ஒரு சீவலை விட்டுவைத்தேன். மீதி மடல் வெளியே வந்தது. ஊர்ப் பெயர்கள் நிற்கவில்லை.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். அவர் வாயைத் திறந்தார். காற்று.

கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். வலது நாண் அசையாமல் நின்றது. ஆனாலும் நான் அந்த நரம்பைப் பார்த்திருந்தேன், முழுதாக, கட்டு விழாமல், அறுபடாமல். இழுபட்ட நரம்பு இரவோடு இரவாக வீங்கியிருக்க வேண்டும்.

"லைன் அறுபடல" என்றேன். "நானும் பெரிய டாக்டரும் கண்ணால பார்த்தோம். அடிபட்டிருக்கு, அதனால கொஞ்ச நாள் எடுக்கும். வாரமும் ஆகலாம், மாசமும் ஆகலாம். திரும்பி வரும்னு நம்புறேன்."

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். எக்சேஞ்சில் அவருக்குப் பேசாத வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்காக வரும்போது, சிரித்த முகத்தோடு வருவார். "மூச்சு முட்டல, நல்லாத் தூங்குறேன்" என்று சைகையாலேயே சொல்லுவார். அந்தச் சிரிப்புத்தான் எனக்கும் தெம்பு.

கார்த்திகை மழை ஓய்ந்த ஒரு காலையில் நாக்கைத் துணியால் பிடித்துக்கொண்டு கண்ணாடியை வைத்தேன். "ஈ சொல்லுங்க." வலது நாண் லேசாக நடுங்கியது. மறுபடி சொல்லச் சொன்னேன். நடுவரை வந்து இடது நாணைத் தொட்டது. கண்ணாடியை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருக்குக் குமட்டலே வந்துவிட்டது.

"கொல்லப் பாக்குறீங்களே டாக்டரம்மா!" என்றார். சத்தமாக, தெளிவாக. சொன்ன பிறகுதான் தன் குரலைத் தானே கேட்டார். வெளியே பெஞ்சில் இருந்த கணவர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். "யாரு பேசுனது?" என்றார். "நாந்தேன், வேற யாரு" என்றார் அவர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம், அழுதோம், எது எது என்று தெரியாமல்.

பெரிய டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் பிடித்து நிதானமாகப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணின் தோளைத் தட்டினார். கைகழுவப் போனவர் குழாயடியில் நின்றபடி என்னிடம், "சாணார்பட்டியிலிருந்து ஒரு கழலை வந்திருக்கு. ரெண்டு பக்கமும் வீங்கியிருக்கு. வியாழக்கிழமை வச்சுக்குவோம்" என்றார். சோப்பை வைத்துவிட்டுச் சிரித்தார். "இந்தத் தடவை நீங்க மடலைப் பிடிங்க. நரம்பை நான் தேடுறேன்."