மாடியில நான் கழட்டின கிளிப்பு

எண்பதுகளோட கடைசியில, திண்டிவனத்துக்கும் வானூருக்கும் நடுவுல ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில நான் நர்ஸு. ஆஸ்பத்திரின்னா என்ன, ரெண்டு ரூம்பு. பின்னால ஒட்டினாப்பல எனக்கு ஒரு ரூம்பு. டாக்டர் வாரத்துல ரெண்டு நாள் வருவாரு. மத்த நாளெல்லாம் நான் ஒண்டிதான். சொந்த ஊரு விழுப்புரம். கட்டினவன் இன்னொருத்திகூடப் போயிட்டான், அவனைப் பத்தி இதுக்கு மேல எனக்குப் பேச்சு கிடையாது. சாயங்காலம் கதவைச் சாத்தினா ஈ காக்கா இருக்காது. ரேடியோவைப் போட்டுக்கினு அதுல பேசுறவன்கூடச் சண்டை போடுவேன். அப்படி ஒரு தனிமை.

அந்த ஊர்ல கரண்டு வந்தா வந்தது, போனா போனது. குழந்தைங்க தடுப்பூசி மருந்து ஃப்ரிட்ஜுல ரெண்டு டிகிரியிலேர்ந்து எட்டுக்குள்ள இருக்கணும். அதுக்காக மாடியில சோலார் தகடு வச்சாங்க. வானூர் பக்கத்துலேர்ந்து ஒரு ஆளு வந்து மாட்டினாரு. தகட்டுலேர்ந்து ஒயரு மாடிக்குக் குறுக்கால வந்து, மூலையில இறங்கி, ஃப்ரிட்ஜ் ரூம்புல இருக்கிற பேட்டரிக்குப் போவும். ரெட்டைத் தோலு போட்ட கறுப்பு ஒயரு, வெயில்ல வெடிக்காது. அதைப் பைப்புக்குள்ள விட்டு, தரையில படாம நாலு விரக்கடை உயரத்துல சிமெண்டு கட்டை வச்சு, அடிக்கு ஒரு கிளிப்பு போட்டு முடுக்கினாரு. தகட்டு ஸ்டாண்டோட இரும்பு முனை ஒயரைத் தொடாம ரப்பர் டியூபைச் சுத்திவிட்டாரு. "இதை யாரும் தொடவேணாம் சிஸ்டர்"னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாரு.

சித்திரையில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, அறுவடை. பொம்பளைங்க நாலஞ்சு பேரு கூடையைத் தூக்கிக்கினு எங்க மாடிக்கு வந்து காயப்போட்டாங்க. எனக்குத் தலைகால் புரியல! காலையில வந்து கொட்டிப் பரப்புவாங்க, மத்தியானம் கிளறிவிடுவாங்க, சாயங்காலம் வாரிக்கினு போவாங்க. அதுவரைக்கும் கதை, சிரிப்பு, ஊர்வம்பு. அதுல கைக்குழந்தைக்காரி ஒருத்தி, வாய்னா அப்படி ஒரு வாய். என் சமையலை மோந்து பார்த்துட்டு, "நர்ஸம்மா, இது ரசமா, காயம் கழுவுற தண்ணியா?"ம்பா. அவ திட்டுறதுகூட எனக்கு இனிச்சுது.

அவளேதான் ஒருநாள் பைப்பு தடுக்கி விழப் பார்த்தா. "சனியன் புடிச்ச பைப்பு, காலை வாருது. பெருக்கவும் முடியல. நாளையிலேர்ந்து வர்லம்மா"ன்னா. விளையாட்டாத்தான் சொல்லியிருப்பா. ஆனா எனக்கு அது விளையாட்டாப் படல. இவங்களும் வரலைன்னா நான் சுவரைப் பார்த்துக்கினு உக்காரணும்.

அன்னிக்கே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கினு போய் கிளிப்பையெல்லாம் கழட்டினேன். ஒயரைப் பைப்புலேர்ந்து உருவி, கைப்பிடிச் சுவரோட அடியில ஓரமா விட்டா, சுத்துவழி ஆச்சா, ரெண்டு முழம் பத்தல. பம்புசெட்டு ரிப்பேர் பண்றவரைக் கூப்பிட்டேன். வீட்டுக்குள்ள போடுற வெள்ளை ஒயருதான் அவருகிட்ட இருந்துச்சு. "வெயிலுக்கு இது தாங்காதும்மா"ன்னாரு. "உன்னை வெயிலைப் பத்திக் கேட்டேனா? போடு"ன்னேன். முறுக்கி, டேப்பு சுத்திட்டுப் போனாரு. ரப்பர் டியூபும் நகர்ந்துபோச்சு. நான் கண்டுக்கல. பைப்பையும் கட்டையையும் தூக்கி மூலையில போட்டேன். மறுநாள் மாடி மைதானமாட்டம் இருந்துச்சு, அவங்க வந்தாங்க. போதும்னு இருந்துட்டேன்.

கோடை முழுக்க ஃப்ரிட்ஜு நல்லா ஓடுச்சு. புரட்டாசியிலயும் மல்லாட்டை காஞ்சுது. ஐப்பசியில மழை பிடிச்சுது. மூணு நாள் வெயிலே இல்ல. பேட்டரி பொட்டியில செவப்பு லைட்டு எரிஞ்சப்போ, வானம் மோடம் போட்டிருக்கிறதுதான் காரணம், வெளுத்தா சரியாப் போவும்னு நினைச்சேன். செவ்வாக்கிழமை நல்ல வெயில் அடிச்சுது. அப்பவும் லைட்டு செவப்புதான். புதன்கிழமை காலையில தெர்மாமீட்டரு பதினாலு காட்டுச்சு.

புதன்கிழமைதான் ஊசி போடுற நாள். வெளியில எட்டுத் தாய்மாருங்க குழந்தையோட உக்காந்திருந்தாங்க. ரெண்டு பேரு அடுத்த ஊர்லேர்ந்து சேத்துல நடந்து வந்தவங்க. சூடேறின மருந்தைப் போட்டா பலிக்குமான்னு யாருக்குத் தெரியும்? போடல. "மருந்து கெட்டுப்போச்சு, அடுத்த வாரம் வாங்க"ன்னு வாசல்ல நின்னு சொன்னேன். அந்த வாயாடியும் குழந்தையோட இருந்தா. "என்னம்மா விளையாடுறீங்களா?"ன்னு கத்தினா. நான் தலையைக் குனிஞ்சுக்கினு உள்ள போயிட்டேன்.

தகவல் சொல்லி அனுப்பினேன், தகடு மாட்டின வானூர் ஆளு மறுநாளே வந்தாரு. மாடி ஏறினவரு நேரா சுவரோரம் போனாரு. மல்லாட்டைத் தோலும் மண்ணும் தண்ணி போற ஓட்டையை அடைச்சுக்கினு, சுவரோரம் கணுக்கால் அளவு தண்ணி நின்னுச்சு. ஒயரு அதுக்குள்ள கெடந்துச்சு. வெள்ளை ஒயரு வெயில்ல வெடிச்சுப் பாளம் பாளமா இருந்துச்சு. டேப்பை உரிச்சாரு, உள்ள பிளஸ் பக்கத்துச் செம்பு பச்சைப் பொடியா உதுந்துச்சு. "தண்ணிக்குள்ள கரண்டு கசிஞ்சு கசிஞ்சு அரிச்சுடுச்சு"ன்னாரு. ஸ்டாண்டு முனையில கறுப்பு ஒயரும் காத்துல ஆடி ஆடித் தேஞ்சு, ஒரு தோலு அறுந்திருந்துச்சு.

"யாரு கழட்டினது?"

"குரங்கு"ன்னேன். என் வாயில அதுதான் வந்துச்சு.

"ஸ்க்ரூ டிரைவர் வச்சிருக்கிற குரங்கா, சிஸ்டர்?"

அழுகை வந்துடுச்சு. எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவரு திட்டல, அதுதான் இன்னும் மோசம். புதுக் கறுப்பு ஒயரை எங்கயும் ஒட்டுப்போடாம ஒரே துண்டா இழுத்தாரு. பைப்பைக் கைப்பிடிச் சுவரோட உள்பக்கம் முழங்கால் உயரத்துல கிளிப்பு போட்டு ஏத்தினாரு. தண்ணி ஓட்டைக்கு மேல, நனையாத உயரம். சுவரைத் தாண்டுற எடத்துல மழை உள்ள போவாம பைப்பு வாயைக் கீழ்ப்பக்கமா வளைச்சாரு. ஸ்டாண்டு முனைக்குப் புது டியூபு. "எடம் வேணும்னு ஒரு லெட்டர் போட்டிருந்தா இதை அன்னிக்கே பண்ணியிருப்பேன்"னாரு. அப்புறம் மாடிக் கதவுக்குப் பூட்டு போடணும், யாரும் ஏறக்கூடாதுன்னு ரிப்போர்ட்டுல எழுதினாரு. எழுதாம என்ன பண்ணுவாரு?

அந்தச் சேதியை நானே சொல்லணும்னு சாயங்காலம் அந்த வாயாடி வீட்டுக்குப் போனேன். மத்தவங்களும் அங்கதான் இருந்தாங்க. ஒயரைக் கழட்டினது நான்தான், அதனாலதான் ஊசி போடல, இனிமே மாடிக்கு வரவேணாம், எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொன்னேன்.

அவ என்னை மொறைச்சா. "என் புள்ளைக்கு ஊசி போடாம அனுப்பினது இந்த மல்லாட்டைக்காகவா? நாங்க கேட்டமா உங்களை?"

"நீங்கதானே வர்லன்னீங்க. எடம் இல்லாம நீங்க எங்க காயப்போடுவீங்க"ன்னு இழுத்தேன்.

"எடமா?" வாசலைக் காட்டினா. சாணி மொழுகின வாசல், ரெண்டு மூட்டை கொட்டலாம். "எங்க அஞ்சு பேரு வாசலும் இப்படித்தான். நீங்க ஒண்டியா கெடக்கிறீங்களேன்னுதான் அந்தக் கூடையைத் தூக்கிக்கினு அத்தினி படி ஏறினோம். கொஞ்சம் நேரம் பேசிக்கினு இருந்தா உங்களுக்கு நல்லாருக்குமேன்னு."

அவ குழந்தையை இடுப்பு மாத்திக்கினு, கோவம் ஆறாமலேயே சொன்னா: "நாங்கதான் வரணும்னு என்னா இருக்குது? நீங்க வர்றதுதானே. கால் இல்லையா?"

நான் அந்த ஊருக்கு வந்து மூணு வருஷம். ஊசிப் பொட்டி இல்லாம ஒருத்தர் வீட்டு வாசலை நான் மிதிச்சது அன்னிக்குத்தான்.