நல்லகாமன் வீட்டுக்கு ஒரே வாசல்

விளாங்குடியில் நல்லகாமன் அண்ணனின் மைக்செட் கட்டாத கல்யாணம் குறைவு. குழாய் ஸ்பீக்கர் காலத்திலிருந்து தொழிலில் இருப்பவர். நான் அவருடைய பங்காளி. ஆம்ப்ளிஃபயர் தூக்குவதில் பாதி, ஏச்சு வாங்குவதில் முழுசு.

அவருக்கு ஒரே வேதம்தான். “இன்னுல குடு, அவுட்டுல எடு.” இதை மாற்றிச் சொருகியவன் அன்றைக்குச் சோறு தின்ன முடியாது.

அவர் மனைவி பாண்டீஸ்வரி மதினிக்குச் சர்க்கரையில் பார்வை போய்விட்டது. பகலெல்லாம் டிவிதான் துணை. ஒரே சேனலை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ரிமோட்டில் சத்தம் கூட்டுகிற பட்டன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி வைத்திருந்தார். விரல் பட்டால் போதும், இடம் தெரிந்துவிடும்.

“பேசுறது கொழகொழன்னு கேக்குதுங்க” என்று மதினி சொன்னதும், அண்ணன் சவுண்ட்பார் என்கிற நீட்டு ஸ்பீக்கரை வாங்கி வந்தார். எச்.டி.எம்.ஐ. வயர் ஒன்றைச் சொருகினால் டிவி ரிமோட்டிலேயே சத்தம் கூட்டலாம் குறைக்கலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். வயரின் ஒரு முனையை டிவியில் ஏ.ஆர்.சி. என்று போட்டிருந்த ஓட்டையில் சரியாகத்தான் கொடுத்தார். சவுண்ட்பாரில் ‘இன்’ ஒன்று, ‘அவுட்’ ஒன்று. கை பழக்கத்தில் ‘இன்’னுக்குப் போய்விட்டது. சத்தமே வரவில்லை.

“கடைக்காரன் ஏமாத்திட்டான்டா” என்றார். கூட வந்திருந்த, சத்தத்தை மட்டும் கடத்துகிற ஆப்டிகல் வயரை மாட்டினார். பாட்டு கணீரென்று வந்தது. ஆனால் டிவி ரிமோட் எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் அசையவில்லை. சவுண்ட்பாருக்கென்று ஒரு குட்டி ரிமோட். பட்டனெல்லாம் வழவழவென்று ஒன்றுபோல.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து நாங்கள் வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. சத்தம் குறைக்கப் போன மதினி குட்டி ரிமோட்டில் ஏதோ பட்டனை அழுத்த, சவுண்ட்பார் செல்போன் பாட்டுக்கான ப்ளூடூத்துக்கு மாறி ஊமையாகிவிட்டிருந்தது. காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.

“பக்கத்து வீட்டுல கூப்புட வேண்டியதுதான?” என்றார் அண்ணன்.

“எத்தனை தடவ கூப்புட? பழைய மாதிரியே டிவில கேட்டுக்கிறேன். இத எடுத்துருங்க.”

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. ஊருக்கெல்லாம் சத்தம் வைத்தவர், சொந்த வீட்டில் ஒரு மனுஷிக்கு வைக்க முடியவில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது.

திரும்பப் பெட்டியில் வைத்துக் கட்ட நான் சவுண்ட்பாரைத் திருப்பினேன். செல்போன் வெளிச்சத்தில் ‘அவுட்’டுக்குப் பக்கத்தில் பொடி எழுத்து தெரிந்தது: டிவி, ஏ.ஆர்.சி.

“அண்ணே, வயரு இந்த அவுட்டுல வரணும் போல.”

“கிறுக்கா உனக்கு? சத்தம் உள்ள வரணும்டா. அவுட்டுல எப்படிடா உள்ள வரும்?”

மதினி கட்டிலிலிருந்து கேட்டார். “நம்ம வீட்டுக்கு எத்தனை வாசல்?”

“ஒண்ணு. ஏன்?”

“வெளிய போறவுக அதுல போறீக. திரும்பி வாரப்ப எதுல வாரீக?”

அண்ணன் வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு முணுமுணுத்துக்கொண்டே ஆப்டிகலைப் பிடுங்கிவிட்டு, எச்.டி.எம்.ஐ. வயரை ‘அவுட்’டில் சொருகினார். நாற்பது வருஷப் பழக்கத்துக்கு எதிராகக் கை போக மறுத்ததை நான் பார்த்தேன். டிவி செட்டிங்கில், ஒரே ரிமோட்டுக்கு ரெண்டையும் கட்டுப்பட வைக்கிற சி.ஈ.சி. என்பதை ஆன் செய்து, சத்தம் போகிற இடத்தை ஏ.ஆர்.சி.க்கு மாற்றினேன். சவுண்ட்பாரின் முகப்பிலும் ஏ.ஆர்.சி. என்று எழுத்து வந்தது. சவுண்ட்பாரிலிருந்து டிவிக்குப் படம் போவதற்கென்று வைத்த அந்த ‘அவுட்’ வாசல் வழியாகவே டிவியின் சத்தம் திரும்பி வந்துவிட்டது.

டிவி ரிமோட்டை மதினி கையில் கொடுத்தோம். பொட்டைத் தடவி அழுத்தினார். சத்தம் ஏறியது. பொட்டுக்குக் கீழே இருந்த பட்டனை அழுத்தினார். இறங்கியது. மறுபடி ஏற்றினார்.

“போதும்த்தா, காது கிழியுது” என்றார் அண்ணன்.

“ஊருக்காரவுக உங்ககிட்ட இதத்தான சொன்னாக. கேட்டீகளா?”

அடுத்த முகூர்த்தத்துக்குப் பசுமலையில் மண்டபம். வயர் சுற்றிக்கொண்டிருந்ததால் அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்குக் கூப்பிட்டார். மதினி எடுத்ததும் பின்னால் டிவி சத்தம் அலறியது.

“இருங்க, சத்தத்தக் கொறைச்சுக்கிறேன்.”

அலறல் படிப்படியாக இறங்கி அடங்கியது. யாரையும் கூப்பிடவில்லை.

“ம், சொல்லுங்க” என்றார் மதினி.

அண்ணன் கையில் பாதி சுற்றிய வயரோடு நின்றார். கண் கலங்கிவிட்டது. எதற்குக் கூப்பிட்டோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

“ஒண்ணுமில்லத்தா,” என்றார். “நீ கேளு.”