அக்கா கடையின் கறுப்புத் திரை

நான் பயந்தாங்கொள்ளி. பல்லிக்குப் பயம், பாதி இருட்டான மாடிப்படிக்குப் பயம், காலையில் அடிக்கும் போனுக்கு எல்லாவற்றையும்விடப் பயம். மேனாம்பேட்டில் வீட்டிலிருந்தபடியே கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள் நான். எனக்கு எதற்கு இவ்வளவு பயம் என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அந்த மூன்று காலைகளைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

பெரியம்மா மகள், எனக்கு அக்கா, ஆவடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறாள். கடை திறக்கிறதும் மூடுகிறதும் அவள்தான். அத்தானுக்கு முதுகெலும்பு ஆபரேஷன் ஆனதிலிருந்து வீட்டுக்கு அவள் ஒருத்தி சம்பாத்தியம்தான். அந்தக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால், தெருவைப் பார்த்தபடி ஒரு பெரிய டிவி. பட்டுப்புடவை விளம்பரம் அதில் ஓயாமல் ஓட வேண்டும். டிவி வைக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னதும் அவள்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

பென்டிரைவில் போட்டு ஓட்டினார்கள். ஒருமுறை முடிந்ததும் படம் நின்று, கோப்புகளின் பட்டியல் வந்து நிற்கும். நாலு மணி நேரம் ஆனால் டிவி தானாக அணைந்துவிடும். ஆடித் தள்ளுபடியில் ஒருநாள் மதியம் முழுக்கத் தெருவுக்குப் பட்டியலைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. வாடிக்கையாளர் எதிரிலேயே முதலாளி அவளைக் கிழித்துவிட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு அக்கா சொன்ன பதில்: "என் தங்கச்சி இந்த வேலதான் சார் பண்ணுது. இனிமே நிக்காது, நான் பொறுப்பு."

அன்று ராத்திரி போனில் இதை என்னிடம் சொன்னாள். "எவ சொன்னா உன்ன பொறுப்பு ஏத்துக்க?" என்று கத்தினேன்.

"அப்புறம் இன்னா சொல்ல சொல்ற? உன்ன நம்பித்தான்டி சொன்னேன்," என்றாள்.

சீட்டுக்கட்டு அளவில் ஒரு போர்டு இருக்கிறது. அதுவே முழு கம்ப்யூட்டர். மெமரி கார்டு ஒன்றைச் செருகி, டிவியோடு ஹெச்டிஎம்ஐ கேபிளால் இணைத்தால் போதும். என்னிடம் இருந்தது கொஞ்சம் பழைய மாடல். முதலாளியின் மருமகன் போனில் எடுத்த வீடியோவை அப்படியே போட்டதும் புடவைகள் விக்கி விக்கி நகர்ந்தன. தப்பு போர்டின் மேல் இல்லை. வந்தது 4கே படம், புது வகைச் சுருக்கம். இந்த மாடலின் சிப்புக்கு ஹெச்.264 என்கிற பழைய வகையைத்தான் சிரமமில்லாமல் விரிக்கத் தெரியும். போதாததற்குப் போன் வீடியோவில் ஒரு நொடிக்கு இத்தனை படம் என்ற கணக்கே நிலையாக இராது, ஏறும், இறங்கும்.

உட்கார்ந்து மாற்றினேன். ஹெச்.264, 1080 அளவு, நொடிக்குச் சரியாக முப்பது படம், ஏற்ற இறக்கமில்லாமல். ஒலியை அடியோடு எடுத்துவிட்டேன். கடையில் எப்படியும் பாட்டு ஓடும், தவிர ஒலியும் படமும் ஒரே நேரத்தில் முடியாவிட்டால் சுற்று திரும்பும் இடத்தில் ஒரு தடுக்கல் விழும். கடைசிக் காட்சியை முதல் காட்சிக்குள் கரைத்துவிட்டேன், எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. மின்சாரம் வந்ததும் பிளேயர் தானாகத் தொடங்க வேண்டும், அதே கோப்பை முடிவில்லாமல் சுற்ற வேண்டும், செத்தால் தானாக எழுந்திருக்க வேண்டும், திரை தூங்கக் கூடாது. எல்லாம் எழுதி வைத்தேன்.

அப்புறம்தான் அக்காவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "கடைய மூடும்போது எப்படி மூடுவ?"

"எப்படின்னா? மெயின எறக்கிட்டு ஷட்டர இழுத்துட்டு வந்துகினே இருப்பேன்."

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரை முறைப்படி அணைக்காமல் தினமும் மெயினைப் பிடுங்கினால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் ஒருநாள் கார்டு கெட்டுவிடும். அதனால் கார்டில் எதுவுமே எழுதப்படாதபடி பூட்டிவிட்டேன். எங்கள் வீட்டு ஹாலில் மூன்று நாள் சோதனை. மாமியார் சீரியல் பார்க்க முடியாமல் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது தடவையாவது ப்ளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருப்பேன். இருபது தடவையும் படம் வந்தது. எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

புதன்கிழமை சாயங்காலம் போய் மாட்டினேன். தெருவில் இரண்டு பெண்கள் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். அக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். திரும்பி வரும்போது ரயிலில்கூட எனக்குப் பயம் போகவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வியாழன் காலை போன். "டீ, கறுப்பா கீதுடி."

"போர்டுல லைட் எரியுதா?"

"செவப்பு எரியுது. பச்ச மினுக்கினு கீது."

உயிரோடு இருக்கிறது, ஆனால் படம் இல்லை. போர்டின் ப்ளக்கைப் பிடுங்கி மறுபடி செருகச் சொன்னேன். நிமிடத்தில் வந்துவிட்டது. அக்கா பெருமூச்சு விட்டாள், எனக்கு விட முடியவில்லை. சரியானது எதனால் என்று தெரியாவிட்டால், கெட்டது எதனால் என்றும் தெரியாது.

வெள்ளி காலையும் அதே கதை. அன்று முதலாளி சீக்கிரம் வந்துவிட்டார், கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டார். அக்கா ப்ளக்கைப் பிடுங்கிச் செருகுகிற வரைக்கும் பின்னால் நின்றுகொண்டு, கத்தாமல், மெதுவாகவே சொன்னாராம்: "நாளைக்கு முகூர்த்த நாளு. காலைல வந்து பாப்பேன். கறுப்பா நின்னுச்சுன்னா டிவியக் கழட்டிடலாம். நீயும் வேற எடம் பாத்துக்கம்மா."

அக்கா இதைப் போனில் சொல்லும்போது குரல் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் தண்ணீர் மாதிரி இருந்தது. அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தைரியம் வந்திருக்கும்.

வீட்டில் கிடந்த இதே மாடல் இன்னொரு போர்டில் இன்னொரு கார்டைப் போட்டு, மறுபடி இருபது தடவை சோதித்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை. சனியனே, ஒரு தடவையாவது என் கண்ணெதிரில் கெட்டுத்தொலை என்று போர்டைத் திட்டினேன்.

சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே போய் ஷட்டர் வாசலில் நின்றேன். கையில் லேப்டாப் பை. அக்கா வந்தாள். ஷட்டரைத் தூக்கினாள், மெயினைப் போட்டாள். டிவிக்குப் பின்னால் போர்டில் சிவப்பு வந்தது, பச்சை மினுக்கியது. நான் டிவியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிவி எரியவில்லை. கடையில் எந்த விளக்கும் எரியவில்லை. ஒரு அம்மா வந்து பெருக்கினார், வாசலில் தண்ணீர் தெளித்தார். அக்கா சாமி படத்துக்குப் பூ மாற்றினாள், திரி திரித்தாள்.

"அக்கா, டிவிய போடு," என்றேன்.

"இருடி. சாமிக்கு வெளக்கேத்தாம ஒரு சுவிட்சும் போட மாட்டோம். கற்பூரம் காட்டிட்டுத்தான் லைட்டு, டிவி எல்லாம்."

"டிவிக்கு செவுத்துல தனி சுவிட்சா?"

"ஆமா. ராத்திரியே லைட்டோட அதையும் அணைச்சிடுவேன். ஏன்?"

எனக்குத் தலையில் யாரோ குட்டின மாதிரி ஆனது. கடையை எப்படி மூடுவீர்கள் என்று கேட்ட மகாராணி, எப்படித் திறப்பீர்கள் என்று கேட்கவில்லை. எங்கள் வீட்டில் டிவியின் சுவர் சுவிட்சை யாரும் அணைப்பதே இல்லை. போர்டு எழுந்ததும் கேபிளின் மறுமுனையில் டிவி இருக்கிறதா என்று பார்க்கும். இங்கே மெயினைப் போட்டதுமே போர்டு எழுந்துவிடும், டிவிக்கோ சுவிட்சைப் போடும்வரை மின்சாரமே இல்லை. யாரும் இல்லை என்று முடிவு செய்துவிட்டு, பழைய டிவிகளுக்கான இன்னொரு ஓட்டை வழியாகப் படத்தை அனுப்பத் தொடங்கிவிடும். அதில் ஒரு ஒயரும் செருகவில்லை. இரண்டு நாள் காலையிலும் புடவைகள் அழகாகத்தான் ஓடியிருக்கின்றன, யாருமில்லாத பக்கம் பார்த்து.

ப்ளக்கைப் பிடுங்கிவைத்து, டிவி எரிந்த பிறகு செருகினால் இன்றைக்குத் தப்பலாம். நாளைக்கு? அடுத்த மாதம், நான் வெளியூரில் இருக்கும்போது? போர்டை அணைத்து, கார்டை உருவி லேப்டாப்பில் போட்டேன். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஹெச்டிஎம்ஐ வழியாகவே அனுப்பு என்று ஒரு வரி. இன்ன அளவில்தான் அனுப்பு, டிவியைக் கேட்காதே என்று இன்னும் இரண்டு. மூன்றே வரிதான், மூன்று தடவை அழித்து எழுதினேன்.

கார்டைத் திரும்பச் செருகி நிமிர்ந்தால், வாசலில் முதலாளி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆச்சாம்மா?" என்றார், யாரைப் பார்த்து என்று தெரியவில்லை.

"பூஜ முடியட்டும் சார்," என்றாள் அக்கா.

போர்டுக்கு மின்சாரம் கொடுத்தேன். டிவி இன்னும் அணைந்தே இருந்தது. சாம்பிராணிப் புகை, மணிச் சத்தம். முதலாளி கண்ணை மூடிக் கைகூப்பினார். நானும் கூப்பினேன், ஆனால் சாமியைப் பார்க்கவில்லை, டிவிக்குப் பின்னால் மினுக்கும் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் ஒரு எழுத்து தப்பியிருந்தால் அத்தானுக்கு மாத்திரை கிடையாது. அப்படித்தான் ஓடியது மனது.

அக்கா கற்பூரத் தட்டை நீட்டினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரண்டை போனாள். விளக்குகள் எரிந்தன. கடைசியாக டிவி சுவிட்ச்.

கறுப்பு. கம்பெனிப் பெயர் வந்தது. மறுபடி கறுப்பு. முதலாளி வாயைத் திறந்தார்.

மயில்கழுத்து நிறத்தில் ஒரு முந்தானை திரை முழுக்க விரிந்தது.

முதலாளி திறந்த வாயை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒயரக் கொஞ்சம் மறைச்சு விடுங்க, தெரியுது," என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். எனக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது.

ஸ்டூல் தேடிப் பின்பக்க அறைக்குப் போனேன். வேலை செய்கிறவர்கள் சாமான் வைக்கும் அலமாரி அங்கே இருந்தது. அதில் அக்காவின் தட்டு துடைத்துவிட்ட மாதிரி காலியாக இருந்தது. கீழே தரையில் ஒரு துணிப்பை, வாய் முழுக்க மூடாமல் கட்டி வைத்திருந்தது. ஓரத்தில் அவளுடைய டிபன் டப்பா மூடியும், சீப்பும், மழைக்கு வைத்திருக்கும் செருப்பும் தெரிந்தன.

அக்கா பின்னாலேயே வந்தாள். நான் பையைப் பார்ப்பதைப் பார்த்தாள்.

"நேத்து சாயங்காலமே எடுத்து வச்சிட்டேன்டி," என்றாள். "அந்தாளு போன்னு சொன்னப்புறம் எல்லார் எதிர்லயும் பொறுக்கினு நிக்க முடியாதுல்ல."

என்னை நம்பித்தான் பொறுப்பு ஏற்றாள், பையையும் கட்டி வைத்திருக்கிறாள். எனக்கு இருந்த பயமெல்லாம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கட்டை அவிழ்த்து, டப்பாவை மறுபடி தட்டில் வைத்தாள். சீப்பை வைத்தாள். செருப்பைக் கையில் எடுத்து ஒரு நொடி யோசித்தாள்.

"இது பையிலயே இருக்கட்டும்," என்றாள்.