பெரியப்பாவின் பங்கு

பெரியப்பா இறந்த பிறகு விளாங்குடி வீட்டில் பெரியம்மா தனியாகத்தான் இருந்தார். என் அம்மாவின் அக்கா. பிள்ளைகள் இல்லை. ஞாயிறும் புதனும் மதியத்துக்கு மேல் பழங்காநத்தத்திலிருந்து நான் போய்வருவேன். சர்க்கரை நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போகவும் மனசு வராது, எதை வாங்குவதென்றும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் இதே சங்கடம். அதற்கு எல்லோரும் கண்டுபிடித்த ஒரே வழி ‘சுகர் ஃப்ரீ’ என்று எழுதிய ஸ்வீட் டப்பா.

பெரியம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. அறுவைக்கு நாள் குறித்துப் போனால், டாக்டர் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் முறையும் அதேதான். சர்க்கரை இறங்காமல் கத்தி வைக்க மாட்டேன் என்றார். அதற்குள் பெரியம்மா எதிரே வருபவர்களைக் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொண்டிருந்தார். அடுப்படியில் அவர் தீக்குச்சி உரசும்போதெல்லாம் நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வேன்.

மாத்திரை தவறவில்லை. சோறு ஒரு கரண்டிதான். அப்புறம் எப்படி ஏறுகிறது? அந்த வீட்டில் எனக்குப் பிடிக்காத இன்னொரு விஷயமும் இருந்தது. பெரியப்பாவின் ஒயர் நாற்காலி ஜன்னலோரம் அப்படியே கிடந்தது. சாயங்காலம் நாலு மணி வாக்கில் அது தானாகக் கிறீச்சென்று ஒரு சத்தம் போடும், யாரோ மெல்ல உட்கார்ந்ததுபோல. வெயில் விலகினால் இரும்பு சுருங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பி லேசாகச் சிரிப்பார்.

“பெரியப்பா வந்துட்டாருத்தா. மங்கலாத்தான் தெரியுது. வெள்ளச் சட்ட.”

ஜன்னல் திரை வெள்ளை. எனக்கு அது தெரியும். இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டபின் நாற்காலிப் பக்கம் பார்க்க எனக்குத் துணிச்சல் வந்ததே இல்லை.

ஒருநாள் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்து எறும்பெழுத்தைப் படித்தேன். சேர்க்கப்பட்ட சர்க்கரை பூஜ்யம். அதற்கு மேல் வரியில், நூறு கிராமுக்கு மொத்த கார்போஹைட்ரேட் அறுபது கிராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டப்பாவோடு நேரே அதை வாங்கிய சிம்மக்கல் கடைக்குப் போனேன்.

“அண்ணே, இதுல சர்க்கரையே இல்லன்னு சொல்லித்தான குடுத்தீங்க?”

“சத்தியமா இல்லக்கா. வேற இனிப்புத்தான் போடுறாங்க. தைரியமாக் குடுங்க.”

“அப்ப இந்த அறுபது?”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “அது மாவு, பால் பவுடர், அந்த மாத்து இனிப்பு எல்லாஞ் சேத்துக்கா. மாவில்லாம ஸ்வீட்ட எப்படி நிறுத்துறது?”

பக்கத்திலிருந்த சாதா டப்பாவை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதில் அறுபத்தாறு. ஆறு கிராம் வித்தியாசத்துக்குத்தான் முன்பக்கத்தில் அம்புட்டுப் பெரிய பச்சை எழுத்து. மாவும் உடம்புக்குள் போனால் சர்க்கரைதான். அந்த மாற்று இனிப்புகளிலும் சில, சீனி அளவுக்கு இல்லாவிட்டாலும், ஏற்றத்தான் செய்யும். ஒரு துண்டு இருபது கிராம் என்றால் பன்னிரண்டு கிராம் கார்போஹைட்ரேட், கிட்டத்தட்ட ஒரு இட்லி. நாங்கள் ஆளாளுக்குப் பாசத்தோடு இட்லியாக அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பெரியம்மாவிடம் இட்லிக் கணக்கிலேயே சொன்னேன். உடனே புரிந்துகொண்டார். நாலு மணிக்கு இரண்டே துண்டு, அதற்கு ஈடாக ராத்திரி இரண்டு இட்லி குறைவு என்று முடிவானது. நான் இருந்த புதன்கிழமை இரண்டு துண்டு தின்றார். ஆறு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தோம். நூற்றுத் தொண்ணூறு. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது.

வியாழன், எதிர்வீட்டுப் பெண் அதே ஆறு மணிக்குக் குத்திப் பார்த்துப் போனில் சொன்னாள். இருநூற்றெழுபது. வெள்ளி, இருநூற்றெண்பது. ஞாயிறு நான் போனேன், மறுபடி நூற்றுத் தொண்ணூறுக்குப் பக்கம். நான் இருந்தால் இறங்குகிறது, இல்லாவிட்டால் ஏறுகிறது. ரத்தச் சர்க்கரை இட்லிக் கணக்குக்கு அச்சாக அடங்காது, தெரியும். ஆனால் இது ஒரே மாதிரி, ஒவ்வொரு நாளும். அடுத்த புதன் போனதுமே டப்பாவைத் திறந்தேன். இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. தனியாள் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் தின்ற கணக்கு.

“பெரியம்மா, உண்மையச் சொல்லுங்க. ஒரு நாளைக்கு எத்தன திங்கிறீங்க?”

“ரெண்டுதாத்தா. அவரு மேல சத்தியமா.”

அவர் பொய் சொல்லுகிற ஆள் இல்லை. அப்படியென்றால் மீதி எங்கே போனது? அப்போதுதான் நாற்காலி கிறீச்சிட்டது. பெரியம்மா எழுந்து சுவரைத் தடவிக்கொண்டே போய், ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் இரண்டு துண்டு எடுத்து நாற்காலியில் வைத்தார். பிறகு தமக்கு இரண்டு. இத்தனை நாளும் நான் பயந்துகொண்டு அந்தப் பக்கமே பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

“இது யாருக்கு?”

“அவருக்குத்தான். உசுரோட இருக்கையில அவருக்குஞ் சுகரு, சுகருன்னு நா ஒண்ணுந் திங்க விடல. இப்ப சர்க்கர இல்லாததுதான, திங்கட்டும்.”

“அவரு தின்னு முடிச்சதும் தட்டு காலியாயிருமா?”

“அதெப்படித்தா ஆகும்? அஞ்சு மணிக்கு எந்திரிச்சுப் போயிருவாரு. படச்சத வீசக்கூடாதுல்ல, நாந் திம்பேன். நீ இருக்கயில எறும்பேறாம மூடிவச்சிருவேன், நீ போனப்பறம் எடுத்துக்குவேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அது அவரு பங்கு. என் கணக்குல வராதுல்ல” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. செத்துப்போனவர் தின்கிறார், உயிரோடிருப்பவர் ரத்தத்தில் ஏறுகிறது. அவர் பங்கும் உங்கள் வயிற்றுக்குத்தான் போகிறது, நாலு துண்டு என்றால் நாலு இட்லி என்றேன். பெரியம்மா நாற்காலியில் இருந்த தட்டைக் கையால் தடவிப் பார்த்தார்.

“எனக்கு வேணாம்னு விட்டுருவேன். அவருக்கு வைக்காம எப்படித்தா இருக்கது?”

ஸ்வீட்டே வேண்டாம், தோலோடு வறுத்த வேர்க்கடலை வாங்கிவருகிறேன் என்றேன். மாவு பூசிய மசாலாக் கடலை இல்லை, வெறும் கடலை. ஒரு கைப்பிடியில் ஐந்தாறு கிராம் கார்போஹைட்ரேட்தான். அந்த ஒரு கைப்பிடியை முதலில் அவருக்கு வைத்துவிட்டு, அதையே பெரியம்மா தின்பது என்று பேச்சு. இருவருக்கும் சேர்த்து ஒரே பங்கு. “அவருக்குக் கடல புடிக்காதே” என்று முணுமுணுத்தார். ஆனால் செய்தார்.

சில வாரங்களில் சர்க்கரை இறங்கியது. ஒரு கண், பிறகு மறு கண் என்று அறுவை முடிந்தது. கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று, பெரியம்மா வாசலிலேயே நின்று ஜன்னல் பக்கம் நேராகப் பார்த்தார். பிறகு போய்த் திரையை ஒருபக்கமாக ஒதுக்கிக் கட்டினார். அவர் பார்வையை மீட்டுக் கொடுத்ததற்காக நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். பெரியப்பாவை அவரிடமிருந்து பறித்துவிட்டதுபோல்தான் இருந்தது.

போன ஞாயிறும் போயிருந்தேன். அடுப்படியில் பெரியம்மா தைரியமாகத் தீக்குச்சி உரசி டீ போட்டுக்கொண்டிருந்தார். நாலு மணிக்கு நாற்காலி கிறீச்சிட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் எழுந்து, எவர்சில்வர் தட்டில் கடலையைப் போட்டு அங்கே கொண்டுபோய் வைத்தேன்.

டீயோடு வந்த பெரியம்மா தட்டைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“அங்க யாருக்குத்தா வைக்கிற?” என்றார்.